லியோனில் நின்ற கம்ப்யூட்டர்

அடி அண்ணாமலை கிராமத்துச் சந்திரகலாவுக்கு பிரெஞ்சு தெரியும் என்றால் ஊரில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர், "ரெண்டு வார்த்தை பேசிக் காட்டு" என்பார்கள். அவள் பேசிக் காட்டியதே இல்லை. கூத்தாடவா வந்திருக்கிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். அப்பா அப்பாசாமி மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற சின்ன விவசாயி. சித்தி திரௌபதி பாண்டிச்சேரியில் கன்னியாஸ்திரீகள் மடத்தில் சமையல்காரி. ஒன்பது வயதில் சித்தியோடு போனவள், இருபது வயதில் பிரெஞ்சும் தட்டச்சும் கற்றுக்கொண்டு திரும்பினாள். அந்த இரண்டையும் வைத்துத்தான் செங்கம் ரோட்டில் இருந்த டிபி கிளினிக்கில் வேலை கிடைத்தது.

கிளினிக்கை நடத்தியது பிரான்சில் லியோன் நகரத்துத் தர்ம நிறுவனம் ஒன்று. மாத்திரை மருந்தெல்லாம் அங்கிருந்து விமானத்தில் வரும். இங்கிருந்து என்ன வேண்டும் என்று சந்திரகலா பட்டியல் அடித்துக் கொடுப்பாள். ஜீப் டிரைவர் இருசப்பன் அதைப் பாண்டிச்சேரி கிளை அலுவலகத்துக்குக் கொண்டுபோவான். அங்கே இருக்கும் டெலக்ஸ் இயந்திரத்தில் அடித்தால் தந்தி மாதிரி அது லியோனுக்குப் போகும். லியோனில் அதைத் தாளில் யாரும் வாங்குவதில்லை. நேராகக் கம்ப்யூட்டருக்குள் போய் விழுந்துவிடும் என்று பிரெஞ்சு டாக்டரம்மா ஒரு தடவை பெருமையாகச் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டர் எப்படி இருக்கும் என்று கிளினிக்கில் ஒருத்தருக்கும் தெரியாது. பீரோ சைஸில் இருக்கும் என்று இருசப்பன் அடித்துச் சொல்வான். அவனும் பார்த்ததில்லை.

எண்பத்தைந்து கார்த்திகையில் அந்த டாக்டரம்மா இரண்டு மாத லீவில் ஊருக்குப் போயிருந்தார். பொறுப்பில் இருந்தவர் டாக்டர் ராஜமாணிக்கம். நல்ல மனுஷன், வைத்தியத்தில் கெட்டிக்காரர், பிரெஞ்சில் ஒரு எழுத்து தெரியாது. அதனால் அந்த இரண்டு மாதமும் லியோன் என்ன சொல்கிறது என்பது சந்திரகலா சொல்வதுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதையும் மறைப்பானேன்.

புதன்கிழமை மத்தியானம் இருசப்பன் பாண்டிச்சேரியிலிருந்து தபாலோடு ஒரு டெலக்ஸ் தாளும் கொண்டுவந்தான். எல்லாக் கிளைகளுக்கும் லியோன் அனுப்பிய உள் அறிவிப்பு. வெளியே நாற்பது நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் ஒரு நோயாளியின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டே கேட்டார்.

"என்னம்மா எழுதியிருக்கான்?"

"கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சாம் சார்."

"எப்போ சரியாகுமாம்?"

சந்திரகலா முதல் வரியைப் படித்திருந்தாள். கண் நேராகக் கடைசி வரிக்கு ஓடியது. "வர்ற திங்கக்கெழமை காலைல ஒம்பது மணிக்கு சார்."

"நம்ம ஆர்டர்?"

"அதான் போன சனிக்கெழமையே அனுப்பிட்டமே சார். மெஷின் ஓட ஆரம்பிச்சா அதுவும் நடந்துடும்."

"அப்ப சரி, திங்கக்கெழமை வரைக்கும் பொறுத்துக்கலாம்" என்றார் டாக்டர். தாள் கோப்புக்குள் போனது.

அவள் சொன்னதில் என்ன தப்பு? திருவண்ணாமலையில் தினம் மூன்று வேளை கரண்ட் போகும். போனால் விசிறி நிற்கும், வந்தால் விசிறி ஓடும். நடுவில் ஒன்றும் தொலைந்துபோவதில்லை. லியோன் கம்ப்யூட்டரையும் அவள் அந்தக் கணக்கில்தான் சேர்த்தாள். வேறெப்படிச் சேர்ப்பாள்?

ஆனாலும் அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடுவில் பத்து வரி படிக்காமல் விட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. படித்தால் போயிற்று, நாளைக்குப் படித்துக்கொள்ளலாம் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

வியாழக்கிழமை காலை கூட்டம் ஜாஸ்தி. கோயிலில் தீபத் திருவிழாவுக்குக் கொடியேறி நாலு நாள் ஆகியிருந்தது. மாட்டுச் சந்தைக்கு வந்தவர்கள் செங்கம் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். வந்ததோடு வந்ததாக இருமலையும் காட்டிவிட்டுப் போகலாம் என்று கிளினிக்கிலும் நுழைந்தார்கள். கோப்பைத் தொட நேரமில்லை. கரண்ட் வேறு போயிற்று. திரும்பி வந்ததும் இருசப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பினான். அது கரண்டில் ஓடும் கடிகாரம். கரண்ட் போனால் நின்றுவிடும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

"பதினொண்ணேகால் காட்டுது. மணி பன்னெண்டு" என்று முனகினான் இருசப்பன். "ஓட மட்டும் ஓடுது. போன முக்கா மணி நேரத்தை யாரு குடுப்பா? நான்தான் தெனம் ஏறித் திருப்பணும்."

மெஷின் ஓட ஆரம்பித்தாலும் நடுவில் போனது தானாகத் திரும்பாதோ என்று சந்திரகலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த சீட்டை அப்படியே போட்டுவிட்டுக் கோப்பைப் பிரித்தாள். நின்றுகொண்டே படித்தாள்.

என்ன நடந்தது: திங்கள் மாலை மத்தியக் கம்ப்யூட்டரின் வட்டு பழுதாகிவிட்டது. பாதிப்பு: வெள்ளி இரவு நாடாவில் எடுத்த பிரதியைக் கொண்டுதான் மீட்க முடியும். அதற்குப் பிறகு திங்கள் மாலை வரை வந்த எல்லா ஆர்டர்களும் அழிந்துவிட்டன. அவற்றுக்குத் தாளில் நகல் கிடையாது. தற்காலிக வழி: அந்த ஆர்டர்களைக் கிளைகள் மறுபடி அனுப்ப வேண்டும். பழைய டெலக்ஸ் எண்ணுக்கு அல்ல, கீழே உள்ள எண்ணுக்கு. அங்கே தாளில் எடுத்து, கிடங்கில் கையால் அட்டை எழுதிப் பெட்டி கட்டுவார்கள். மருந்தின் பட்டியல் எண், அளவு, கிளை எண் மூன்றும் இந்த வரிசையில் இருக்க வேண்டும். வியாழன் லியோன் நேரம் மாலை ஐந்துக்குள் வந்து சேர்ந்தவை மட்டும் வெள்ளிக்கிழமை விமானத்தில் ஏறும். சீரமைப்பு எதிர்பார்க்கும் நேரம்: திங்கள் காலை ஒன்பது.

வெள்ளிக்கிழமை விமானத்தை விட்டால் அடுத்த அனுப்புதல் மூன்று வாரம் கழித்து. அலமாரியில் டிபிக்கு முக்கிய மருந்தான சிவப்பு கேப்சூல் பதினாலு நாளைக்குத்தான் இருந்தது. அறுபத்திரண்டு பேர் அதைத் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் விட்டால் கிருமி அந்த மருந்துக்கே பழகிவிடும், பிறகு அதே மருந்து வேலை செய்யாது. இதை நோயாளிகளுக்குத் தினமும் சொல்கிறவளே அவள்தான்.

ஒளிக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பட்டியலை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போன் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் வெளியூருக்கு அவசர டிரங்க் கால் கேட்க டாக்டர் கையெழுத்து வேண்டும். போய் நின்றாள்.

"சார், நேத்து நான் சொன்னது தப்பு. முழுசாப் படிக்காம சொல்லிட்டேன். நம்ம ஆர்டர் அங்க இல்ல. அழிஞ்சுபோச்சு. இன்னிக்கே மறுபடி அனுப்பணும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "எத்தன மணிக்குள்ள?" என்று மட்டும் கேட்டார்.

"அவங்களுக்கு அஞ்சு மணின்னா நமக்கு ராத்திரி ஒம்பதரை சார். ஆனா பாண்டிச்சேரி ஆபீஸ் அஞ்சரைக்குப் பூட்டிடுவாங்க."

பன்னிரண்டே காலுக்குப் பாண்டிச்சேரிக்கு டிரங்க் கால் பதிவு செய்தார்கள். அர்ஜென்ட் போதாது, லைட்னிங் கால் என்றார் டாக்டர். எட்டு மடங்கு காசு, ஆகட்டும் என்றார். அப்படியும் லைன் வரவில்லை. திருவிழாவுக்கு வந்தவன் எல்லாம் வீட்டுக்குப் பேசுகிறான், பஸ் கம்பெனிக்காரன் பேசுகிறான், மாட்டு வியாபாரி பேசுகிறான். இருசப்பனை ஜீப்பில் அனுப்பலாம் என்றால், முந்தின நாள் சாயந்திரம் போளூர் போன ஜீப் ஸ்பிரிங் ஒடிந்து பட்டறையில் கிடந்தது. ஒரு மணிக்குச் சந்திரகலா எக்ஸ்சேஞ்சில் கேட்டாள், லைனில் இருக்கு என்றார்கள். ஒன்றரைக்குக் கேட்டாள், லைனில் இருக்கு என்றார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடிவிட்டாள். மூன்று தடவை வாசல் வரை போய்த் திரும்பினாள். போனைத் தூக்கி அதில் உயிர் இருக்கிறதா என்று பார்த்தாள். போனைத் தூக்கினால் கால் எப்படி வரும் என்று நர்ஸ் வெள்ளையம்மாள் அதட்டினாள். இரண்டு மணிக்கு டாக்டர் எழுந்தார். நோயாளிகளை உட்காரச் சொல்லிவிட்டுத் தன் ஸ்கூட்டரில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கே போய்விட்டார். அங்கே என்ன சொன்னாரோ, யார் காலைப் பிடித்தாரோ, இரண்டே முக்காலுக்கு மணி அடித்தது.

பாண்டிச்சேரியில் டெலக்ஸ் ஆபரேட்டர் சகாதேவன் பேசினான். லைனில் கடல் இரைகிற மாதிரி இரைச்சல்.

"அந்த நோட்டீஸா? ஆர்டர் அழிஞ்சுபோச்சுன்னு போட்டிருந்துதா? எனக்கு எங்கம்மா பிரெஞ்சு தெரியும்? வந்தத குடுத்தனுப்பிச்சேன்."

"தெரியாட்டி பரவால்ல அண்ணே. நான் ஒவ்வொரு எழுத்தா சொல்றேன், எழுதிக்குங்க. பழைய நம்பருக்குப் போட்டுடாதீங்க. புது நம்பர் சொல்றேன்."

பதினேழு மருந்து. ஒவ்வொன்றுக்கும் பட்டியல் எண், அளவு, கிளை எண். அவள் சொன்னாள், அவன் திருப்பிச் சொன்னான். ஒன்பதாவது வரியில் அளவு நாலாயிரம் என்பதை அவன் நானூறு என்று திருப்பினான். அதுதான் சிவப்பு கேப்சூல். சந்திரகலா கத்தினாள். கிளினிக்கில் அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. நாலு, சைபர், சைபர், சைபர் என்று மூன்று தடவை சொல்ல வைத்தாள். முடிக்கும்போது மூன்றே கால். அவள் ரவிக்கை முதுகில் ஒட்டியிருந்தது. இனி அவன் அடித்தானா, அடித்தது போய்ச் சேர்ந்ததா, சேர்ந்ததை அங்கே யாராவது பார்த்தார்களா, எதுவும் தெரியாது. ராத்திரி ஒன்பதரை வரை வீட்டில் உட்கார்ந்து மணியைப் பார்த்தாள். பிறகு பார்க்க ஒன்றும் இல்லாததால் படுத்தாள்.

சனிக்கிழமை பாண்டிச்சேரி பஸ் கண்டக்டர் ஒரு உறையைக் கொடுத்துவிட்டுப் போனான். லியோனின் பதில், இரண்டே வரி. கிடைத்தது. பதினேழும் வெள்ளி விமானத்தில் ஏறின. சந்திரகலா இந்தத் தடவை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் டாக்டரிடம் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை இன்னொரு அறிவிப்பு வந்தது. கம்ப்யூட்டர் திங்கட்கிழமை வரவில்லையாம், வியாழன் ஆகுமாம். அதையும் டாக்டருக்கு முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் கோப்பில் வைத்தாள்.

பெட்டிகள் வந்து சேர்ந்தபோது அலமாரியில் மூன்று நாள் மருந்து மிச்சம் இருந்தது.

அதற்கு மறுநாள் கன்னியம்மாள் வந்தாள். சந்திரகலாவின் ஊர்க்காரி, அடுத்த தெரு. நாலு மாதமாகச் சிவப்பு கேப்சூல் சாப்பிடுகிறவள். கிரிவலப் பாதையில் இட்லிக் கடை வைத்திருந்தவள், இருமல் வந்த பிறகு ஒருத்தரும் வாங்குவதில்லை என்று கடையை மூடியிருந்தாள். இப்போது இருமல் இல்லை. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. உட்கார்ந்ததும் முறையீட்டை ஆரம்பித்தாள்.

"ஒண்ணுக்குப் போனா செவப்பாப் போகுது. எத்தன நாளைக்குத்தான் இந்தக் கண்றாவி?"

"இன்னும் அறுவது நாளு அக்கா. மருந்தால அப்படித்தான் போகும், பயப்படாதீங்க." சந்திரகலா மாத்திரைகளை உறையில் போட்டபடியே வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். "ஒரு நாளு கூட விட்டுடக் கூடாது."

கன்னியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, வர்றப்பல்லாம் இதையே சொல்ற. நான் எப்ப விட்டேன்? தீபத்தன்னிக்குக் கூட்டத்துல இடிபட்டுக்கினு வந்து வாங்கினு போனேன். நானா விட்டேன்?"

"இல்லக்கா" என்றாள் சந்திரகலா. "நீங்க விடல."

உறையை மடித்து அவள் கையில் வைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை. கன்னியம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, உறையை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு எழுந்து போனாள்.