விரலை முதலில் எடுக்க வேண்டும்

என் கணவரும் நானும் காஞ்சிபுரத்தில் ஒரே பள்ளியில் இயற்பியல் ஆசிரியர்கள். அவருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, எனக்குப் பதினொன்று. வீட்டுக்கு வரும் பஸ்ஸை விட்டுவிட்டுத் தாமல் போகிற பஸ்ஸில் ஏறி, ஏரிக்கரையில் இறங்கி நின்றுகொண்டு, "நான் எங்க வரணும்மா?" என்று அவர் எனக்குப் போன் செய்த அன்றுதான் டாக்டரிடம் போனோம். மறதி நோயின் ஆரம்பம் என்றார்கள்.

விஷயம் தலைமையாசிரியை அம்மாவின் காதுக்கும் போயிற்று. நல்ல மனுஷிதான், கணக்கு டீச்சர். "ஒரு வகுப்பு எடுக்கட்டும், உட்கார்ந்து பாக்கறேன். சரியா இருந்தா பன்னெண்டாவது அவருக்கே இருக்கட்டும். இல்லன்னா லைப்ரரியைப் பாத்துக்கட்டும்" என்று அவரையும் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரும்பலகை இல்லாத இடத்தில் இந்த மனுஷன் என்ன செய்வார்? ஆனால் வேறு வழியும் இல்லை.

அவர் எடுத்தது நிலைமின் தூண்டல் பாடம். வருடா வருடம் அவர் திருவிழா மாதிரி நடத்துகிற வகுப்பு அது. தறி ஓடுகிற வீட்டுப் பிள்ளைகள் ஜரிகை இல்லாத பட்டுத் துண்டு கொண்டுவருவார்கள். எந்த வீட்டுப் பட்டு மின்காட்டியின் தங்க இலையை உயரத் தூக்குகிறது என்று ஒரே போட்டி. அன்று வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்ததால் கண்ணாடித் தண்டையும் பட்டையும் குண்டு பல்பின் சூட்டில் நன்றாகக் காயவைத்தார். அதை மறக்கவில்லை. நான் கடைசி பெஞ்சில் தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தண்டைப் பட்டில் தேய்த்து, மின்காட்டியின் மேல்தட்டுக்கு அருகில் கொண்டுபோனார். தொடவில்லை. உள்ளே தங்க இலை விரிந்து எழுந்தது.

"தொடவே இல்ல, எப்படிப்பா எழுந்துச்சு?" என்று கேட்டு அவரே சொன்னார். "தண்டுல நேர்மின்னூட்டம். அது தட்டுப் பக்கமா எலக்ட்ரானை இழுக்குது. அப்போ கீழ, கம்பியிலயும் இலையிலயும் எலக்ட்ரான் குறைஞ்சுபோச்சு. ரெண்டும் நேர்மின். ஒண்ணை ஒண்ணு தள்ளுது, இலை எழும்புது. புதுசா எதுவும் உள்ள வரல, இருந்தது இடம் மாறிச்சு, அவ்ளோதான். தண்டை எடுத்தா பழையபடி."

தண்டை எடுத்தார். இலை படுத்தது. தலைமையாசிரியை என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

"இப்போ தண்டை எடுத்தாலும் இலையை நிக்க வைக்கணும்" என்று தண்டை மறுபடி அருகே பிடித்து, இன்னொரு கை விரலால் தட்டைத் தொட்டார். இலை இறங்கியது. தரையிலிருந்து எலக்ட்ரான் அவர் உடம்பு வழியாக ஏறியிருக்கும். அடுத்து விரலை எடுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் தண்டை. வந்தது உள்ளேயே மாட்டிக்கொள்ளும், இலை எழுந்து நிற்கும்.

அவர் தண்டை எடுத்துவிட்டார். விரல் தட்டின் மேலேயே இருந்தது. 'ஐயோ, விரல், விரல்' என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். வந்ததெல்லாம் வந்த வழியே திரும்பிப் போயிருக்கும். பிறகு விரலை எடுத்துவிட்டு, இலை எழும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

புத்தகத்தில் வரிசை போட்டிருக்கிறது, பிள்ளைகளுக்குத் தெரியும். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி சட்டென்று, "மழை சார்! ஈரத்துல மின்னூட்டம் எல்லாம் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். "ஆமா சார், மழைதான்" என்று வகுப்பே பிடித்துக்கொண்டது. தலைமையாசிரியை என் காதருகே, "அப்படியாம்மா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டத்தான் போனேன்.

"இல்லப்பா" என்றார் அவர். இலையையே பார்த்துக்கொண்டு, மெதுவாக. "ஈரமா இருந்தா தண்டு கிட்ட வந்தப்போ இலை அவ்ளோ நல்லா நின்னிருக்காது. அப்போ எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் எதையோ மாத்திப் பண்ணிட்டேன். எதுன்னுதான் தெரியல."

என்னைக் கூப்பிட்டுத் தண்டைக் கையில் கொடுத்தார். "நீ செய்ம்மா. பசங்க இலை நிக்கறதைப் பாக்கணும்."

தேய்த்தேன். அருகே கொண்டுபோனேன். தொட்டேன். விரலை எடுத்தேன், பிறகு தண்டை. இலை எழுந்து அப்படியே நின்றது. எனக்குக் கண் மறைத்தது. பாழாய்ப்போன இலை, எனக்கு மட்டும் நின்றது.

"அதான், விரல்" என்றார். பட்டுத் துண்டை நாலாக மடித்து முன் பெஞ்சுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்த்துக் கேட்டார்.

"லைப்ரரி சாவி யார்கிட்ட இருக்குது மேடம்?"