எட்டு நிறத்தில் அக்கா

பதுளை டவுனில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோக் கொப்பி எடுப்பது, அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, போனுக்கு ரீலோட் போடுவது. இதெல்லாம் பிழைப்பு. பிழைப்பு முடிந்த பிறகு கடைக்கு மேல்மாடியில் இன்னொரு வேலை இருந்தது. கடை முதலாளியின் மகளும் நானும் சேர்ந்து பழைய பாணியில் ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருந்தோம். அவள் கோட் எழுதுவாள், நான் படம் போடுவேன். சண்டை இருவரும் சரிபாதியாகப் போடுவோம்.

கேம் எளிமையானது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ஒருத்தி தேயிலைக் கொழுந்து பறிக்க மலை ஏறுகிறாள். மழை கொட்டுவதற்குள் கூடையை நிரப்ப வேண்டும். வழியில் ரத்தம் உறிஞ்சும் அட்டை, வழுக்குப் பாறை, எல்லாவற்றுக்கும் மேலாகக் குளவி. மூன்று உயிர். திரையின் அடியில் ஒரு பெட்டி. அதில் அவள் முகம் தெரியும், பக்கத்தில் அவள் பேசுவது எழுத்தாக ஓடும். இணையத்தில் நடந்த ஒரு போட்டிக்கு ஞாயிறு மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். எல்லாம் தயார். முகம் மட்டும் இல்லை.

"எங்க அக்கா முகத்தப் போடுறேன்" என்று நான்தான் சொன்னேன்.

அக்கா ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறாள். நாங்கள் இருவரும் அங்கேயே லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், சேர்ந்து இருக்கிறோம். நான் படிக்க வேண்டும் என்று தன் படிப்பைப் பாதியில் நிறுத்தியவள். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதனாலேயே எனக்கு அவள்மேல் அவ்வப்போது கோபம் வரும். முகத்தைக் கேட்டதும் அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"போட்டுக்க. ஆனா எனக்குப் புடிக்கலைன்னா எடுத்துரணும். என் மூஞ்சி, சொல்லிட்டேன்."

மறுநாளே மலையில் நின்று ஒரு செல்ஃபி எடுத்து அனுப்பினாள். தலையில் நீலத்துணி, பின்னால் தேயிலை. பார்த்தவுடன் எனக்கு எரிச்சல் வந்தது. போனில் அழகு காட்டும் ஃபில்டரைப் போட்டு எடுத்திருக்கிறாள். முகம் ரோஸ் நிறத்தில், வழவழவென்று, கல்யாண ஆல்பத்தில் வருகிற யாரோ மாதிரி.

இருந்தாலும் அதைத்தான் முதலில் முயன்று பார்த்தேன். எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட சட்டம் இது: பழைய மெஷின்களில் இருந்தது போல முழுத் திரைக்கும் பதினாறு நிறம். மலைக்கு எட்டு, முகப் பெட்டிக்கு எட்டு. போட்டோவைக் கொடுத்து எட்டு நிறமாகக் குறை என்றேன். கம்ப்யூட்டர் நேர்மையாகத்தான் செய்தது. படத்தில் எது அதிகமோ அதற்கு அதிக நிறம். தேயிலைக்கு ஐந்து பச்சை, வானத்துக்கு ஒன்று, முகத்துக்கு மிச்சம் இரண்டு. செடி செழிப்பாக இருந்தது, அக்காவைத்தான் காணோம்.

பின்னணியை வெட்டி எறிந்துவிட்டு முகத்தை மட்டும் கொடுத்தேன். இப்போது நிறங்கள் கிடைத்தன, மூக்கு கிடைக்கவில்லை. முகத்தைச் சின்னதாக்கும்போது மூக்கு என்று தனியாக ஒன்று மிஞ்சாது. அதன் ஓரத்தில் விழும் நிழல்தான் மூக்கு. அந்த நிழலை ஃபில்டர் ஏற்கனவே துடைத்துவிட்டிருந்தது.

அடுத்து முதலாளி மகளோடு சண்டை, படத்தின் அளவைப் பற்றி. அறுபத்திநான்குக்கு அறுபத்திநான்கு கட்டம் வேண்டும் என்று நான் நின்றேன்.

"அது கேம் படம் இல்ல, நெட்வர்க் இல்லாத எடத்துல லோட் ஆகாத போட்டோ" என்றாள் தோழி. "பெட்டிக்குள்ள கொள்ளவும் செய்யாது."

பதினாறுக்குப் பதினாறு செய்து காட்டினேன். கண்ணுக்கு ஒரு புள்ளி, வாய்க்கு இரண்டு. எங்கள் மலையில் கொழுந்து பறிக்கிற யாருடைய முகமாகவும் அது இருக்கலாம். கடைசியில் முப்பத்திரண்டில் வந்து நின்றோம். அந்த அளவில் கண்ணுக்கு வெள்ளையும் கருவிழியும் தனித்தனியே வைக்கலாம், புருவத்துக்கு ஒரு வளைவு கொடுக்கலாம். ஆனால் ஒரு புள்ளி தப்பினால் ஆளே மாறிவிடும்.

நல்ல செல்ஃபி ஒன்று வேண்டியிருந்தது. சனிக்கிழமை மாலை பஸ்ஸை விட்டு இறங்கினால், அக்கா கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

"ஃபில்டர ஆஃப் பண்ணிட்டு இப்பவே ஒண்ணு எடு."

"மூஞ்சி கழுவிட்டு வர்றேண்டி."

"வேணாம். இப்பிடியே எடு. இதுதான் உண்மை."

அந்த 'உண்மை' என்ற சொல்லை எவ்வளவு பெருமையோடு சொன்னேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அக்கா போனை நீட்டிப் பிடித்து எடுத்துக் கொடுத்தாள்.

அந்தப் படத்தை அப்படியே சுருக்கியதில் மூக்குத்தி காணாமல் போனது. பத்துப் புள்ளிக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடும்போது, மூக்குத்தி அந்த மிச்சத்தில் போய்விட்டது. சுருக்கிய படத்தைக் கீழே மங்கலாக வைத்து, மேலே ஒவ்வொரு கட்டமாகக் கையால் போட்டேன். நிறத்தையும் நானே பங்கிட்டேன். ஓரக் கோட்டுக்கும் முடிக்கும் கறுப்பு. முடியின் மினுக்குக்கு ஒன்று. தோலுக்கு மூன்று பழுப்பு. கண்ணுக்கும் பல்லுக்கும் வெள்ளை. தலைத்துணிக்கு நீலம். ஏழு. எட்டாவதாக ஊதா கலந்த ஒரு பழுப்பை எடுத்து, கண்ணுக்குக் கீழே மும்மூன்று புள்ளி வைத்தேன். வைத்த மாத்திரத்தில் முகத்துக்குப் பாரம் வந்தது. பன்னிரண்டு மணி நேர மலை, சம்பளம், மழை எல்லாம் அந்த ஆறு புள்ளியில் வந்துவிட்டதாக நினைத்தேன். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஞாயிறு காலை லெப்டாப்பை அக்கா முன்னால் வைத்தேன். அவள் டீக் கோப்பையோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"மூக்குத்திய எடம் மாத்தி வச்சிருக்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. செல்ஃபி கண்ணாடி மாதிரி பக்கம் மாறி வரும், அதை நான் திருப்பி வைத்திருந்தேன். "அக்கா, ஒன்னைய நீ கண்ணாடியில மட்டுந்தான் பாத்திருக்க. நாங்க பாக்குறது இப்பிடித்தான்."

"அப்பிடியா?" என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "சரி. நெறம் சரியா இருக்கு. என் நெறம்தான். இது என்னா, கண்ணுக்குக் கீழ?"

"அது... களைப்பு. வேல செஞ்ச களைப்பு."

"எத்தன கலர்னு சொன்ன?"

"எட்டு."

"எட்டே எட்டு கலர்தான். அதுல ஒண்ண என் களைப்புக்கா ஒதுக்குன?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "நெசத்ததானே போட்டேன்? நீ அனுப்புன வெள்ளக்காரி மூஞ்சியப் போடச் சொல்றியா?" என்று கத்தினேன்.

அக்கா கத்தவில்லை. "நான் வெள்ளையா போடச் சொல்லலயே. நீ எடுக்கச் சொன்னது சனிக்கெழம அந்தியில. அந்த நேரத்துல எந்த மூஞ்சிடி நல்லா இருக்கும்? ராவுக்குச் சோறு தின்னு ஒங்கூட கத அடிக்கிறேன்ல, அப்பவும் இப்பிடியா இருக்கேன்? ஊருக்கெல்லாம் காட்டப்போற. இதுதான் நான்னு நெனைப்பாங்க."

கோப்பையைக் கழுவப் போய்விட்டாள். முகத்தை எடுத்துவிடு என்று சொல்லவில்லை. போட்டுக்கொள் என்றும் சொல்லவில்லை. அதுதான் என்னை வதைத்தது.

ரொம்ப நேரம் அந்த ஆறு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு என்றால் ஆயிரத்துச் சொச்சம் கட்டம். அத்தனையிலும் நான் முதலில் பெருமைப்பட்டது இந்த ஆறு புள்ளிக்காகத்தான். அக்காவின் கஷ்டத்தைக் காட்டி நான் பேர் வாங்கப் பார்த்தேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன், ஆனால் அவளைக் கேட்காமல் செய்தேன்.

ஆறையும் அழித்து, அங்கே நடுப் பழுப்பை நிரப்பினேன். முகத்துக்குப் பத்து வயது குறைந்தது. அழகாகிவிடவில்லை. நிறம் அதே நிறம், மூக்கு அதே மூக்கு. வெறுமனே விழித்திருக்கிற ஒருத்தியாக ஆனாள். நான் தினமும் பார்க்கிற ஒருத்தி.

"அக்கா, ஒரு கலர் மிச்சம் இருக்கு. வா. நீயே சொல்லு."

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பார்த்தாள். சிரிக்காமல் இருக்க முயன்றது நன்றாகத் தெரிந்தது.

"மூக்குத்திக் கல்லு செவப்புடி. வெள்ளையா வச்சிருக்க."

நான் கண்ணின் வெள்ளையையே மூக்குத்திக்கும் வைத்திருந்தேன். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் பலகையைத் திரையில் திறந்து கொடுத்தேன். அக்கா மூக்கை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு, இது தக்காளி, இது கறுத்துப்போச்சு என்று ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கடைசியில் ஆழ்ந்த ஒரு சிவப்பில் நின்றாள். புள்ளியையும் அவளே வைத்தாள். மூன்று தடவை கை தவறிக் கன்னத்தில் விழுந்தது. நாலாவது தடவை சரியாக மூக்கில் உட்கார்ந்தது.

"இது நான்" என்றாள். "அனுப்பு."

படத்தை அனுப்பியதும் தோழி உடனே போன் பண்ணினாள்.

"என்ன இது? ஒரே ஒரு புள்ளிக்கு ஒரு முழுக் கலரா? வேஸ்ட் இல்லையா?"

"ஆமா. ஒரே ஒரு புள்ளிக்குத்தான். இருக்கட்டும்."

என் குரலில் என்ன இருந்ததோ, அவள் வழக்கம்போலச் சண்டைக்கு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கேமின் புதிய பதிப்பை அனுப்பினாள். திறந்து பார்த்தால், முகப் பெட்டியின் மூலையில் வெள்ளையாக இருந்த மூன்று உயிர்க் குறிகளும் அக்காவின் கல் சிவப்புக்கு மாறியிருந்தன. 'கலர் சும்மா கிடக்கக் கூடாது' என்று கீழே எழுதியிருந்தாள்.

போட்டிக்கு அனுப்புவதற்கு முன் அக்காதான் முதலில் விளையாடினாள். அவளுடைய கூட்டாளிகள் இரண்டு பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். "அடியே, இது நீதானே!" என்று ஒருத்தி மூக்குத்தியைப் பார்த்தே சொன்னாள். அக்கா திரும்பக்கூட இல்லை. பாறையில் வழுக்கி ஒரு உயிர் போயிற்று. குளவி கொட்டி இன்னொன்று போயிற்று. கூடையில் பாதிதான் நிறைந்திருந்தது.

ஒழுங்காக விளையாடிக் காட்டலாம் என்று நான் லெப்டாப்பை என் பக்கம் இழுத்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"எடுக்காத. இன்னும் ஒரு உசுரு இருக்கு."