கடலுக்குள் போன கோடு

வீடியோ வெட்டுவது என் தொழில். ஆலங்குடாவில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு கணினி, கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க ஒரு பேட்டரி. இவ்வளவுதான் என் கடை. கலியாண வீடு, கடைத் திறப்பு என்று எது வந்தாலும் வெட்டுவேன். ஆனால் நிரந்தரமாக வேலை தந்தது சாச்சாவின் மகன்தான். எனக்குத் தம்பி முறை, என்னை ராத்தா என்பான். அவன் ஊர் ஊராய்ப் போய்த் தன்னைத் தானே படம் பிடித்து யூடியூபில் போடுகிறவன். ஒரு இடத்தில் குந்தத் தெரியாத பிள்ளை. அவன் சுற்றுவதும் நான் குந்தியிருந்து வெட்டுவதுமாக எங்களுக்குள் வேலை சரியாகப் பிரிந்திருந்தது.

அந்த முறை அவன் எடுத்தது எங்கள் கரையையே. முதல் நாள் சிலாபத்திலிருந்து புத்தளம், இரண்டாம் நாள் புத்தளத்திலிருந்து கற்பிட்டி, மூன்றாம் நாள் ஆலங்குடாவிலிருந்து கடல். ஒரு நாள் முடிந்து அடுத்த நாள் தொடங்கும் இடத்தில் வரைபடம் வரவேண்டும், அதில் ஒரு மஞ்சள் கோடு ஊர்ந்துபோக வேண்டும், ஊர் வரும்போது பெயர் துள்ளிக்கொண்டு நிற்க வேண்டும் என்றான். பெயருக்குக் கீழே அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் சின்ன எழுத்தில் வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். பார்க்க ஸ்டைலாக இருக்கும் என்றான்.

பார்ப்பவர்களுக்கு அது ஐந்து விநாடி. வெட்டுகிறவளுக்கு அரைநாள். வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படத்தைத் திரையை விடப் பெரிதாக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கிட்டப் போகும்போது மங்கிவிடும். கோட்டின் தொடக்கத்தில் பூச்சியம், முடிவில் நூறு என்று குறித்துவிட்டால் இடையில் உள்ளதைக் கணினி வளர்த்துக்கொள்ளும். படம் பெரிதாகும்போது பெயர்களும் சேர்ந்து பெரிதாகாதபடி அவற்றைத் தனியாகக் கட்டிவைக்க வேண்டும். கோட்டை முதலில் நான் கையால்தான் போட்டேன். புத்தளத்தையும் கற்பிட்டியையும் இரண்டு புள்ளியாக வைத்ததும் அது களப்புத் தண்ணீரின் மேலால் காகம் பறந்த மாதிரி நேரே போனது. பாலாவிக்கு வந்து திரும்பி, நுரைச்சோலை வழியாகத்தான் ரோட்டு என்பது இங்கே தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். நம்மைப் பிடித்துக் காய்ச்சுவார்கள் என்று சொன்னதும், பயணம் முழுக்கத் தன் போன் பதிந்து வைத்திருந்த வழித்தடத்தை அப்படியே அனுப்பிவைத்தான். அதை ஏற்றினேன். கோடு ரோட்டில் ஒழுங்காக வளைந்தது. எண்களும் தாமாகவே வந்து நிரம்பின.

கடலிலும் அது ஒழுங்காகவே போயிருந்தது. பிரச்சினை அங்கேதான்.

மூன்றாம் நாள் அவனைக் கடலுக்குக் கூட்டிப்போனவர் என் நானா, கூடப் பிறந்த மூத்தவர். தூண்டில் தொழில். கரையிலிருந்து வெகுதூரத்தில் அவருக்கென்று ஒரு பார் இருந்தது, கடலுக்கடியில் ஒரு கல்மேடு. நங்கூரம் போட்டுப் போட்டு, வருஷக்கணக்காகத் தடவி அவரே கண்டுபிடித்தது. மற்ற வள்ளங்கள் வெறுங்கையோடு வரும் நாட்களில் நானா கலவாயும் விளைமீனுமாக வந்து இறங்குவார். பின்னாலே வந்து பார்க்க முயன்றவர்கள் உண்டு. அவர் தெற்கே போவது போல் போய், இருட்டுக் கலையுமுன் வடக்கே திரும்பிவிடுவார். கூடப் போகும் மச்சானைத் தவிர அந்த இடம் யாருக்கும் தெரியாது. ஆறு பேர் உள்ள குடும்பத்துக்கு அந்தக் கல்மேடுதான் வயல், கடை, பென்சன் எல்லாம்.

தம்பி கெஞ்சி மன்றாடியதில்தான் அவர் இளகினார். எனக்கு முன்னால் வைத்தே சொன்னார்.

"முகத்த எடு, மீன எடு. எடத்த காட்டப்படாது."

நான் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தூரத்தில் தெரிந்த காட்சிகளை எல்லாம் வெட்டி எறிந்தேன். கரையில் எது எதன் நேரே நிற்கிறது என்று பார்த்தே எங்கள் ஆட்கள் கடலில் இடம் சொல்லிவிடுவார்கள். வரைபடத்தில் மூன்றாம் நாள் கோட்டைக் கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே நிறுத்தி, "ஆலங்குடாக் கடல்" என்று மட்டும் எழுதி, எண்களைத் தூக்கிவிட்டேன். நானாவுக்குப் போட்டுக் காட்டினேன். தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வெளியாகும்படி தம்பி நேரம் குறித்து வைத்திருந்தான். வளைகுடாவில் நம் ஆட்களுக்கு அன்று லீவு, காலையில் பாயிலேயே படுத்துக்கொண்டு பார்ப்பார்கள் என்பது அவன் கணக்கு. இங்கே அது ஜும்ஆ நேரம். வெள்ளியில் தொழுகை முடியும்வரை எங்கள் ஆட்கள் யாரும் கடலுக்கு இறங்குவதில்லை. ஊரின் ஆண்கள் அத்தனை பேரும் பள்ளிவாசலுக்குள் இருப்பார்கள்.

சோற்றை வடித்துவிட்டுப் போனை எடுத்தேன். வீடியோ வந்திருந்தது. நான் வெட்டியதை நானே பார்த்து ரசிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. தட்டினேன். நான் வைக்காத ஒரு தொடக்கம் ஓடியது. மூன்று நாள் வழியும் ஒரே மூச்சில் ஓடும் வரைபடம். சிலாபம், புத்தளம், கற்பிட்டி, ஆலங்குடா என்று கோடு பாய்ந்து, கரையைத் தாண்டி, கடலுக்குள் போய்க்கொண்டே இருந்தது. போய் நின்றது. படம் கிட்டப் போனது. "நானாவின் பார்" என்ற பெயர் துள்ளி நின்றது. கீழே எண்கள்.

வழித்தடத்தை ஏற்றிய முதல் வாரத்தில், கடல் கோட்டை வெட்டுமுன், நாங்கள் இருவரும் மட்டும் பார்க்கவென்று மாதிரிக்கு நான் செய்து கொடுத்த துண்டு அது. பெயரும் அவன் ஆசைப்பட்டு வைக்கச் சொன்னதுதான். பிறகு நான் வரைபடத்தைத் திருத்தியது என் வேலைக் கோப்பில். ஏற்கெனவே படமாக வெளியே எடுத்த துண்டு அதனால் மாறாது, அது பழையபடியே எங்கள் பொதுக் கோப்புறையில் கிடந்தது. தொடக்கம் சப்பென்று இருக்கிறது என்று நினைத்தவன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அதை எடுத்து முன்னால் ஒட்டியிருக்கிறான். அவனை அந்த நிமிஷம் கையில் கிடைத்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவன் போன் ஓஃப், பள்ளிக்குள் இருப்பான். அவன் பெண்சாதிக்கு எடுத்தேன். லெப்டொப் வீட்டில்தான் இருக்கிறது, ஆனால் கடவுச்சொல் தனக்குத் தெரியாது என்று அழாத குறையாகச் சொன்னாள். யூடியூப் சனலின் சாவி அவன் ஒருவனிடம்தான். வீடியோவை மறைக்க அவன் கை வேண்டும். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் ஊரே போனைத் திறக்கும். ஊர்ப் பையன் எடுத்த வீடியோ, ஊர்க் கடல். முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஒவ்வொரு வள்ளத்திலும் ஜிபிஎஸ் இருக்கிறது. எண்ணை அடித்தால் கொண்டுபோய் விட்டுவிடும்.

அபாயாவைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

பள்ளி வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம். அது நடக்கும்போது பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து "பேசாதே" என்று சொல்வதே பிழை என்று ஓதிக்கொடுத்து வளர்த்த ஊர். ஒரு பொம்பிளை வாசலில் நின்று ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா? மதிலோரம் நின்றேன். வெயிலில் வியர்த்து ஒழுகியது. உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தால்தான் என்ன என்றும் தோன்றியது. கால் வரவில்லை.

அப்போதுதான் அந்தப் பாட்டுக் கேட்டது. நான் தேர்ந்தெடுத்த, நான் வெட்டிய, எந்தத் தாளத்தில் எந்த ஊர்ப் பெயர் விழும் என்று எனக்கு மனப்பாடமான இசை. எதிர்ப்பக்க மர நிழலில் நின்ற ஓட்டோவிலிருந்து வந்தது. உள்ளே கால் நீட்டியிருந்தவரை எனக்குத் தெரியும். விடியலில் கடல், பகலில் ஓட்டோ. தொழுகை தொடங்க இகாமத் சொல்லும்வரை வெளியே இருந்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் நிற்கிற கூட்டத்தில் ஒருவர். ஊரில் அவரைப் பகிடி பண்ணாதவர்கள் இல்லை.

அவரிடம் ஓடினேன். உள்ளே போய்த் தம்பியை ஒருக்கா வெளியே வரச்சொல்லுங்கள் என்றேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"குத்பா ஓதுறாங்க தங்கச்சி. இப்ப எப்பிடி கூப்புடுற?"

பாட்டு எனக்குத் தெரிந்த அந்தத் தாளத்துக்கு வந்தது. அவருடைய விரல் திரையைத் தொட்டது. பாட்டு நின்றது. இரண்டு விரல்களை வைத்துப் படத்தை மெல்ல விரித்தார். அந்தப் போனைப் பறித்து ரோட்டில் அடித்திருப்பேன். ஆனால் பறித்தால் அந்த எண்கள் உண்மையானவை என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். பள்ளியில் இகாமத் சொன்னார்கள். அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர் போல உள்ளே போனார்.

தொழுகை முடிந்து தம்பி வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடிக்காத குறை. விஷயத்தைக் கேட்டவன் வெளுத்துப் போனான். அந்த இடத்திலேயே வீடியோவை மறைத்தான். பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான், அதிலும் அநேகம் பேர் வெளிநாடுதான், ராத்தா, என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு அந்தக் கொஞ்சத்தில் ஒருவர் முகம் தெரிந்திருந்தது.

நானா செருப்புத் தேடிக்கொண்டு வந்தார். என்னைப் பள்ளி வாசலில் கண்டதும் முகம் மாறியது. உம்மாவுக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஓட்டோவையும் சொன்னேன். வழியில் போகிறவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நானா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அவன நம்பி இல்ல நான் கூட்டிப் போனது. நீ வெட்டுற எண்டுதான்."

அவ்வளவுதான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து மேசைக்கு முன்னால் இருந்து, அந்தத் துண்டையும், வழித்தடத்தையும், மாதிரிகளையும் ஒவ்வொன்றாக அழித்தேன். யாருக்கு என்ன பிரயோசனம்? அழுதுகொண்டே அழித்தேன்.

சனிக்கிழமை காலை நானா நேரத்தோடு திரும்பிவிட்டதாக மதினி சொன்னாள். போனேன். அவர் முற்றத்தில் இருந்து தூண்டில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார், பெட்டியில் மீன் இல்லை. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அவராகவே சொன்னார். பாரில் அவருக்கு முன்பே ஒரு வள்ளம் நங்கூரம் போட்டு நின்றதாம். அந்த ஓட்டோக்காரர்தான். நானா எஞ்சினை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"ஸலாம் சொன்னான்," என்றார் நானா.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஸலாம் சொன்னா பதில் சொல்லத்தானே வேணும். சொல்லிட்டு வந்தேன்."

கயிற்றைச் சுற்றி முடித்து, அதை ஆணியில் மாட்டிவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.