அஞ்சே நிமிஷத்தைக் கழற்றிய கதை

ஜுவேரியாவின் கடைக்குப் பெயர் வைத்தது அவள் புருஷன் ஹம்மாத். அந்தப் பெயர்மேல் அவனுக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது. யாராவது கடையைப் பற்றிக் கேட்டால், முதலில் பெயரைச் சொல்லி, எதிராளி சிரிக்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் மற்ற விஷயத்துக்கு வருவான். பெயர் இதுதான்: ‘அஞ்சே நிமிஷம்.’

கொரோனா ஊரைப் புரட்டிப் போட்டபோது இரண்டு பேருக்கும் வேலை போனது. அவன் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பேன்ட் பிரிவில் சேல்ஸ்மேன். அவள் கிண்டியில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மாதிரி உடைகள் தைப்பவள். பேன்ட் வாங்குகிற ஒவ்வொருவரும் நீளத்தை எங்கே மடித்துத் தைப்பது என்று விழிப்பதை ஹம்மாத் வருஷக்கணக்கில் பார்த்திருந்தான். “ஒரு பேன்ட்டை மடிச்சுத் தைக்க எவ்ளோ நேரம் ஆகும் ஜுவி?” என்று ஒரு நாள் கேட்டான். “அஞ்சு நிமிஷம்” என்றாள் அவள். கடையும் பெயரும் அந்த ஒரே பதிலில் பிறந்துவிட்டன.

தெற்கு உஸ்மான் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்த பொந்தை வாடகைக்குப் பிடித்தார்கள். ஒரு மிஷின், ஒரு இஸ்திரிப்பெட்டி, வெளியே ஒரு பெஞ்சு. துணி எடுக்க வந்துவிட்டு ஊருக்கு பஸ் பிடிக்கப் போகிறவர்கள் மூச்சிரைக்க வருவார்கள். போட்டிருந்த பேன்ட்டையே கழற்றிக் கொடுத்துவிட்டு, ஹம்மாத் கொடுத்த லுங்கியைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆட்களும் உண்டு. சொன்னபடி அஞ்சு நிமிஷத்தில் வேலை முடியும். பெயர் நன்றாகவே சோறு போட்டது. அதை நானும் மறுக்கப் போவதில்லை.

அப்புறம் ஒரு நாள், வேறு எவனோ கெடுத்து வைத்த பட்டு பிளவுஸ் ஒன்றை ஒரு பெண் அழாத குறையாகக் கொண்டுவந்து போட்டாள். தோள் தூக்கிக்கொண்டு நின்றது, அக்குள் பிடித்தது. பட்டைத் தப்பாகப் பிரித்தால் பழைய ஊசித் தடம் அப்படியே தெரியும். ஜுவேரியா பொறுமையாகப் பிரித்து, உள்ளே மடிப்பில் இருந்த துணியை வெளியே விட்டு அகலமாக்கி, பிளவுஸ் கையை மறுபடி பொருத்தித் தைத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, கச்சிதமா இருக்கு” என்றாள். அவள் தன் தங்கையை அனுப்பினாள். தங்கை நாத்தனாரை அனுப்பினாள்.

கொஞ்ச காலத்தில் படிக்கு அடியிலிருந்து கடை முதல் மாடி அறைக்கு ஏறியது. கைவேலை செய்ய இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். பேன்ட் மடிப்பது ஓரத்துக்குப் போய், பட்டும் கல்யாண பிளவுஸும் மேஜையைப் பிடித்துக்கொண்டன. போர்டு மட்டும் அதே போர்டு.

தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. மணி பார்த்துக்கொண்டு ஏறி வந்தவர்கள் சண்டை போட்டார்கள். “அஞ்சு நிமிஷம்னு போட்டுட்டு அஞ்சு நாள் கேக்கறாங்க. சுத்த ஏமாத்து” என்று ஒருவர் மேப்பில் ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டுப் போனார். அவர்மேல் என்ன குற்றம்? போர்டில் எழுதியிருந்ததைத்தானே கேட்டார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஜுவேரியாவுக்குத் திடுக்கென்றது. காலையிலிருந்து வந்த ஒவ்வொருவரிடமும் அவள் பேச்சை ஒரே மாதிரிதான் தொடங்கியிருந்தாள்: “பேரு அப்படிங்க, ஆனா…” சொந்தக் கடையின் பெயருக்காக நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் மாம்பலத்தில் கூட்டத்தோடு கூட்டமாக ரயிலேறி, ஆதம்பாக்கத்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் மெல்ல ஆரம்பித்தாள்.

“மச்சான், கடைப் பேரை மாத்திடலாமா?”

ஹம்மாத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ஜவுளிக்கடைப் பொண்ணுங்க எல்லாம் அந்தப் பேரைச் சொல்லித்தான் ஆள் அனுப்புதுங்க. ஆட்டோக்காரனுக்குத் தெரிஞ்ச பேரு. மேப்புல இவ்ளோ ரிவ்யூ சேர்ந்திருக்கு. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மறுபடி பெஞ்சுலேர்ந்து தொடங்கணுமா?”

மனசு நொந்து சொன்னான் என்றாலும், சொன்னதில் தப்பில்லை. தெரிந்த பெயர் என்பது லேசான சொத்தா?

பரங்கிமலையில் இறங்கும்போது சமாதானமாக ஒரு யோசனை சொன்னான். பெயர் இருக்கட்டும், அதன் கீழே ஒரு வரி சேர்ப்போம். அப்படியே செய்தார்கள். ‘அஞ்சே நிமிஷம்: கல்யாண பிளவுஸ் ஸ்பெஷலிஸ்ட்.’ புருஷன் மனசும் நோகக்கூடாது, வேலையும் தெரிய வேண்டும் என்று இரண்டையும் ஒரே போர்டில் ஏற்றினார்களே, அதைவிடப் பெரிய சொதப்பல் வேறு கிடையாது.

அடுத்த வாரம் மயிலாப்பூரிலிருந்து ஓர் அம்மாளும் கல்யாணப் பெண்ணும் பட்டுப்புடவைப் பையோடு படியில் பாதி ஏறினார்கள். ஜுவேரியா உள்ளேயிருந்து பார்த்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அம்மாள் போர்டைப் படித்துவிட்டு அப்படியே நின்றாள்.

“கல்யாணப் பிளவுஸை அஞ்சு நிமிஷத்துல தைக்கறாளாம்டி. விளையாட்டா இருக்கா? வா, ஆத்துக்குப் போலாம்.”

இறங்கிப் போய்விட்டார்கள். துடைத்த நாற்காலியிலேயே ஜுவேரியா உட்கார்ந்து அழுதாள். ஒரு வேலை கைவிட்டுப் போனதற்கு அல்ல. தன்னால் எதை நன்றாகச் செய்ய முடியுமோ, அதைச் செய்ய மாட்டாள் என்று தன் வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறதே என்றுதான் அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே போனது வேலம்மாவிடம். பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் சேலைப் பிரிவில் இருப்பவள். இவர்களுக்கு முதல் நாளிலிருந்து ஆள் அனுப்புகிறவள். வேலம்மா டீ குடிக்க வெளியே வந்த நேரத்தில் ஜுவேரியா சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“அக்கா, பட்டு எடுக்க வர்றவங்க பிளவுஸுக்கு ஆள் கேட்டா, என் கடையைச் சொல்வீங்களா?”

வேலம்மா டம்ளரை வாயிலிருந்து எடுத்தாள்.

“இன்னாமா இப்டி கேக்குற? பேன்ட்டு, சுடிதாரு, அவசரம்னா உன் கடைதான். பட்டுக்குச் சொல்றதில்ல. பாண்டி பஜார்ல ஒருத்தர் கீறாரு, அவரைச் சொல்வேன்.”

“நீங்க போட்டிருக்கிறது நான் தைச்சதுதானே அக்கா?”

“அது எனக்குத் தெரியும். பட்டு எடுத்துக்கினு நிக்கிறவங்களுக்குத் தெரியுமா? அஞ்சே நிமிஷம்னு சொன்னா சிரிக்கிறாங்கம்மா. அவ்ளோ துட்டு போட்டு எடுத்த பட்டை அவசரத்துல குடுக்க யாருக்கு மனசு வரும்? சொல்லிச் சொல்லிப் பார்த்து உட்டுட்டேன்.”

கடைக்கு வந்த ஜுவேரியா, வேலம்மா சொன்னதை ஒரு சொல் குறையாமல் ஹம்மாத்திடம் சொன்னாள். எந்த ஜவுளிக்கடைப் பெண்களை நம்பி அவன் பெயரைக் கட்டிக்கொண்டிருந்தானோ, அவர்களே நல்ல வேலையை வேறு பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் அந்தப் பெயராலேயே. அவன் வாதாடவில்லை. கையிலிருந்த பேன்ட்டைக் கீழே வைத்துவிட்டு, “உன் வேலையை நான் பார்க்கவே இல்ல ஜுவி. பேரையேதான் பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்” என்றான். “மாத்திடலாம்” என்றும் சேர்த்துச் சொன்னான். அதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த கேள்வி, என்ன பெயர்? ஜுவேரியா முதலில் நினைத்து வைத்திருந்த ஆங்கிலப் பெயரை, மேல் மாடியில் ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கும் சாய்சரண் டிரேட்மார்க் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். தையல் வேலைக்கே வேறொருவர் அதைப் பதிந்து வைத்திருந்தார். தங்கள் பிள்ளைகளின் பெயரையும் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். அதில் வேலை தெரியவில்லை. கடைசியில் ஜுவேரியா கொஞ்ச நாளைக்குப் பேசாமல் காதை மட்டும் தீட்டிக்கொண்டாள். கண்ணாடி முன்னால் நிற்கிற பெண்கள் என்ன சொல்கிறார்கள்? முதல் பட்டு பிளவுஸுக்காரி சொன்னதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இத்தனை காலமும் வாடிக்கைக்காரர்கள் இலவசமாக வைத்துக்கொண்டிருந்த பெயரைக் காதில் வாங்காமல் விட்டது இவர்கள்தான்.

‘கச்சிதம்.’ சாய்சரண் அதையும் தேடினான். இந்தத் தொழிலில் யாரும் பதிந்திருக்கவில்லை. விண்ணப்பம் போட்டான்.

“கவலைப்படாதீங்கக்கா. ஒரே ஆள் பேர்ல பதிஞ்ச கடை. ஜிஎஸ்டி நம்பர் மாறாது, கடைப் பேரைத்தான் திருத்தணும். பேங்க்ல அந்தத் திருத்தத்தைக் காட்டினா அக்கவுன்ட்டுலயும் மாத்திடுவாங்க. மேப்புல மட்டும் புதுசா ஒண்ணு தொடங்கிடாதீங்க. இருக்கிறதுலயே பேரை மாத்துங்க, ரிவ்யூ எல்லாம் கூடவே வரும். போன் நம்பரையும் மாத்தாதீங்க.”

ஹம்மாத் முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியது. எல்லாம் போய்விடும் என்று பயந்த மனுஷனுக்கு, போவது அந்த இரண்டு சொல் மட்டும்தான் என்று புரிந்தது. அன்றே ஜவுளிக்கடை ஜவுளிக்கடையாக ஏறி, பழைய சிநேகிதர்களுக்கெல்லாம் புதுப் பெயரைச் சொல்லிவிட்டு வந்தான்.

போர்டு மாற்றுகிற நாளன்று பழையதைத் தானே கழற்றுவேன் என்று ஏணியில் ஏறினான். கழற்றியதைத் துடைத்து வீட்டுக்கு எடுத்துப்போனான். அது அலமாரிக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது. புதுப் போர்டில் பெரிதாகக் ‘கச்சிதம்’, கீழே ‘அளவு சரிசெய்தல், கல்யாண பிளவுஸ்’, அதற்கும் கீழே பழைய ஆட்கள் வழி தவறாமலிருக்கச் சின்ன எழுத்தில் ‘முன்பு அஞ்சே நிமிஷம்’. போர்டைப் படம் எடுத்துப் போட்ட பிறகு மேப்பிலும் பெயர் மாறியது.

முதல் சில நாள் படியில் காலடிச் சத்தமே குறைந்துபோயிற்று. ஜுவேரியா அடிக்கடி எழுந்து படியை எட்டிப் பார்த்தாள். பிறகு வேலம்மா அனுப்பினாள் என்று ஒரு பட்டு வந்தது. அவளோடு வேலை செய்கிறவள் சொன்னாள் என்று இன்னொன்று. ஐப்பசி பிறந்து கல்யாண வேலைகள் குவிந்தபோது நாற்காலி போதவில்லை. ஒரு நாள் மயிலாப்பூர் அம்மாளே தன் இரண்டாவது பெண்ணோடு ஏறி வந்தாள். சேலை எடுத்த இடத்தில் வேலம்மா வழி சொல்லியிருந்தாள். அளவு கொடுத்து முடித்து வெளியே வந்தபோதுதான் சின்ன எழுத்தைப் படித்தாள்.

“ஏம்மா, முன்னாடி அந்தக் கடையா இது?”

“அதே கடைதாங்க.”

“அப்பவே மாத்தியிருந்தா பெரியவ பிளவுஸும் இங்கேயே தைச்சிருப்பேனே” என்றாள் அம்மாள், ஏதோ ஜுவேரியாதான் அவளைத் துரத்திவிட்டது மாதிரி. ஜுவேரியா சிரித்துவிட்டாள். அழுத அதே நாற்காலியைத்தான் அன்று அவளுக்கு உட்காரப் போட்டிருந்தாள்.

அன்றைக்கே மாலை, ஓர் ஆள் பேன்ட் பையோடு தடதடவென்று படியேறி வந்தார்.

“இது அஞ்சே நிமிஷம்தானே? இதை அஞ்சு நிமிஷத்துல மடிச்சுக் குடுத்துடுங்க, பஸ்ஸுக்கு நேரமாகுது.”

ஜுவேரியா மேஜையிலிருந்து நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அஞ்சு நிமிஷத்தில் முடிகிற வேலைதான். அவளே தைத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் அவள் கையில் ஒரு பட்டு பிளவுஸின் தோள் பிரித்தபடி கிடந்தது. ஹம்மாத் பேன்ட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“இடுப்பும் இறக்கமும் சேர்த்துப் பார்க்கணும் சார். இன்னிக்கு ஆகாது. நாளைக்கு வாங்க, கச்சிதமா இருக்கும்.”

அந்த ஆள் கடிகாரத்தைப் பார்த்தார். சுவரில் தொங்கிய கல்யாண பிளவுஸ்களைப் பார்த்தார். பையைத் திறந்து இன்னொரு பேன்ட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்து, “நாளைக்கே வர்றேன்” என்றுவிட்டு, இறங்கிப் போய் பஸ்ஸைப் பிடித்தார்.