ரெக்ஸின் கேட்ட காகிதம்

அவரை எல்லோரும் ரெக்ஸின் என்றுதான் கூப்பிடுவார்கள். கார் இருக்கைகளுக்கும் சோபாக்களுக்கும் ரெக்ஸின் துணியில் உறை தைக்கிற தொழில். பழைய சோபாவைத் திறந்து, உள்ளே கிடக்கும் சீப்பு, பேனா, காதணி எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வாடிக்கையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். "உங்க வீட்டு ரகசியம் எல்லாம் எனக்குத் தெரியும், வெளியில சொல்ல மாட்டேன்" என்பார். அது உண்மைதான். ரகசியம் காப்பதில் அவரைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. அதுதான் அவர் காலைத் தின்றது.

நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவள். அதற்கென்று பயிற்சி எடுத்தவள். வயதாகிவிட்டதால் ஆளைத் தூக்கிப் புரட்டும் வேலையை விட்டுவிட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றுவதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். ரெக்ஸின் வீட்டுக்குப் போனதும் அதற்காகத்தான். தையலுக்கான வளைந்த ஊசி ஒன்று கீழே விழுந்திருக்கிறது. வலது பாதத்தில் ஏறிய அந்த ஊசியோடு மனிதர் ஒரு பகல் முழுக்க நடந்திருக்கிறார். சர்க்கரை வியாதியில் பாதத்தின் உணர்ச்சி செத்துப்போயிருந்ததால் தெரியவில்லை. சாயங்காலம் செருப்பைக் கழற்றியபோது இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

புண் ஆறவேயில்லை. ஒழுங்காகக் கட்டு மாற்றியும் ஆறாத புண்ணை எனக்குப் பிடிக்காது. எங்கேயோ யாரோ பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம். இன்சுலின் குப்பியை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒட்டியிருந்த மருந்துக்கடைச் சீட்டின் தேதிப்படி அது எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். பாதி இருந்தது.

"டாக்டர் சொன்ன அளவு போடுறீங்களா?"

"போடுறேன்க்கா."

"என்கிட்ட விளையாடாதீங்க. குப்பி குட்டி போடாது."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "பாதிதான் போடுறேன். இன்னும் கொஞ்ச நாள்தான்க்கா, அது முடிஞ்சதும் முழுசாப் போட்டுக்கறேன்" என்றார்.

"எது முடிஞ்சதும்?"

அப்போதுதான் கடனைப் பற்றிச் சொன்னார்.

அவர் மனைவி துணி பேக்கிங் செய்யும் கம்பெனியில் மேற்பார்வை வேலை பார்த்தவள். வீட்டில் சம்பளச் சீட்டு வைத்திருந்தது அவள் மட்டும்தான். அதனால் மகன் வெளிநாட்டு வேலைக்குப் போவதற்காக வாங்கிய பர்சனல் லோன் அவள் பெயரில் இருந்தது. மகனிடம் அதைக் கடன் என்று சொல்லவில்லை. "நான் சேர்த்து வெச்சதுடா" என்று சொல்லித்தான் அனுப்பினாள். சம்பளம் வரும் கணக்கிலிருந்து மாதத் தவணை தானாகவே பிடிக்கப்பட்டு வந்தது. ஒருநாள் வேலை நேரத்திலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் இரத்தக்கசிவு. கம்பெனி கொடுத்த கடைசிப் பணம் ஆஸ்பத்திரி பாக்கிக்கே சரியாகப் போய்விட்டது.

அவள் இறந்ததை ரெக்ஸின் வங்கிக்குச் சொல்லவில்லை. மாதாமாதம் தவணை நாளுக்கு முன்னால் போய் அவள் கணக்கில் பணம் கட்டிவிட்டு வருவார். கட்டுகிற இடத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா மொத்தத்தையும் ஒரே நாள்ல கட்டுன்னு சொல்லிருவான்க்கா. என்கிட்ட இல்லேன்னா பையன் கழுத்தைப் பிடிப்பான். அவனுக்கு இது தெரியவே கூடாது. அவ அப்படித்தான் நினைச்சா."

யாரிடமாவது விசாரித்தாரா என்றால் இல்லை. பயந்த ஆள் விசாரிக்க மாட்டான்; விசாரித்தால் பதில் வந்துவிடுமே. சோறு ஒரு வேளையானது, இன்சுலின் பாதியானது, தவணை மட்டும் தவறவில்லை. காய்ச்சலில் படுத்த ஒரு மாதம் மட்டும் இரண்டு நாள் தாமதமாகிவிட்டதாம். அதையும் சொல்லி வருத்தப்பட்டார்.

கடைசித் தவணையும் கட்டி முடித்த வாரம், எனக்காகக் காத்திருந்து ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "உங்க கையெழுத்து முத்து மாதிரி இருக்கும்க்கா. கடன் முடிஞ்சுது, நோ டியூஸ் சர்டிபிகேட் குடுங்க, லோனை க்ளோஸ் பண்ணுங்கன்னு அவ எழுதற மாதிரி எழுதுங்க. கீழே அவ கையெழுத்து... இதோ, அவ பழைய அட்டையில இருக்கு. பார்த்துப் போட்டுருங்க."

"செத்தவ கையெழுத்தை என்னைப் போடச் சொல்றீங்களா? நல்லா இருக்கு. இந்த வயசுல எனக்கு ஜெயில்ல யார் கட்டு மாத்துவா?"

"யாருக்குக்கா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். முதல்ல காலைக் காட்டுங்க."

கட்டைப் பிரித்தேன். சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் கருத்திருந்தன. நாற்றத்தை அவரே உணர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னேன். காகிதம் கைக்கு வராமல் நகர மாட்டேன் என்றார். உள்ளே போனால் திரும்பி வருவேனோ மாட்டேனோ, கடன் திறந்து கிடக்குமே என்றார். வாதாடினால் பொழுதுதான் போகும். ஒரு பேரம் பேசினேன்.

"கடிதம் எழுதறேன். உங்க பேர்ல, நடந்தது நடந்தபடி. முதல்ல பேங்க், அங்கிருந்து நேரா ஆஸ்பத்திரி. நடுவுல வீடு கிடையாது. சம்மதமா?"

"பையன் பேர் மட்டும் வரக்கூடாது" என்றார்.

எழுதினேன். என் மனைவி இன்ன தேதியில் காலமானார். இன்ன எண்ணுள்ள பர்சனல் லோன் அவர் பெயரில் உள்ளது. எல்லாத் தவணைகளும் செலுத்தியாகிவிட்டது. கடன் கணக்கை முடித்து, பாக்கி ஏதுமில்லை என்ற சான்று தர வேண்டும். தானாகப் பணம் பிடிக்கும் உத்தரவை ரத்து செய்யவும், கடன் வாங்கியபோது அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலைகளைத் திருப்பித் தரவும், கடன் விவரம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு முடிந்ததாகத் தெரிவிக்கவும் வேண்டுகிறேன். இவ்வளவுதான். இறப்புச் சான்றின் நகல், அவருடைய அடையாள அட்டை, கணவர் என்பதற்கு ஆதாரம் மூன்றையும் இணைத்தேன். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றில் சீல் வாங்காமல் எந்த அலுவலகத்திலும் எந்தக் காகிதத்தையும் நான் கொடுப்பதில்லை.

வங்கியில் கடன் மேசையில் ஒரு பெண் அதிகாரி இருந்தாள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் படித்தாள். கணினியைப் பார்த்தாள். மறுபடி கடிதத்தைப் பார்த்தாள்.

"தவணை எல்லாம் வந்திருக்கு. ஒரு மாசம் கணக்குல பணமில்லாம தவணை திரும்பிப் போனதுக்கு அபராதம் மட்டும் நிக்குது, சின்னத் தொகைதான். அதைக் கட்டினா முடிச்சிடலாம். ஆனா... இவங்க இறந்து ரெண்டு வருஷமாச்சா?"

"ஆமா மேடம்."

"அதுக்கப்புறம் யாரு கட்டினது?"

"நான்தான்." தப்பு செய்த பையனைப் போலக் குனிந்துகொண்டார். "தப்பா மேடம்?"

"இறந்ததை எங்களுக்குச் சொல்லியிருக்கணும்யா. அது இருக்கட்டும். இந்த லோனுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கே, க்ளெய்ம் பண்ணலையா?"

அவருக்கு விளங்கவில்லை. நான்தான் கேட்டேன், என்ன இன்ஷூரன்ஸ் என்று.

கடன் கொடுக்கும்போதே அதிலிருந்து ஒரு தொகையைப் பிடித்துக் கட்டியிருக்கிறார்கள். கடன் வாங்கியவர் நடுவில் இறந்துவிட்டால், அன்றைக்கு நிற்கும் பாக்கியை இன்ஷூரன்ஸ் கம்பெனி வங்கிக்குக் கட்டிவிடும். அவள் கையெழுத்திட்ட காகிதங்களில் அதுவும் ஒன்று.

"அப்போவே வந்து சொல்லியிருந்தா, க்ளெய்ம் பாஸாகி லோன் அதோட முடிஞ்சிருக்கும். நீங்க ஒரு தவணைகூடக் கட்ட வேண்டியிருந்திருக்காது."

நான் ரெக்ஸினின் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தைத்தான் பார்த்தேன். கட்டு ஈரமாகியிருந்தது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அப்ப சர்டிபிகேட் கிடைக்கும்ல மேடம்?"

அந்தப் பெண் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டாள். "கிடைக்கும்யா. நானே பார்த்து அனுப்பறேன். க்ளெய்மும் இப்பப் போட்டுப் பாருங்க. தாமதத்துக்குக் காரணம் எழுதணும், அவங்க ஒத்துக்கலாம், ஒத்துக்காமலும் போகலாம். பாஸானா நீங்க கட்டினது நாமினிக்கு வரும். நாமினி யாருன்னா..." திரையைப் பார்த்தாள். "மகன். அவர்தான் கையெழுத்துப் போடணும்."

"வேண்டாம்" என்றார் ரெக்ஸின்.

"என்னய்யா வேண்டாம்? உங்க பணம்."

"சர்டிபிகேட் மட்டும் போதும் மேடம்."

அபராதத்தைக் கட்டினார். பிரதியில் சீல் வாங்கிக்கொண்டேன். ஆட்டோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போனது. பேச்சை அவர் மீறவில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சில மாதங்களுக்கு முன்னால் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றார் அறுவை மருத்துவர். எனக்கும் அது தெரியும். தையல் மிஷினின் பெடலை அவர் மிதித்தது அந்தக் காலால்தான்.

அவர் மயக்கம் தெளிவதற்குள், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு அவர் மகனுக்குப் போன் செய்தேன். அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது கடிதத்தில் மகன் பெயர் வரக்கூடாது என்பதுதான், வரவில்லை. போனைப் பற்றிப் பேரம் எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் செய்திருப்பேன். செயற்கைக் கால் யார் வாங்குவது?

"எந்தக் கடன்?" என்றான் பையன். மூன்று முறை அதையே கேட்டான். பிறகு அழ ஆரம்பித்தான்.

"அழறதை அப்புறம் வெச்சுக்கோ தம்பி, முதல்ல டிக்கெட்டைப் போடு" என்றேன்.

வந்தான். வங்கிக்குப் போய்ப் படிவத்தில் கையெழுத்திட்டான். தாமதத்துக்கான காரணத்தை என்னை எழுதித் தரச் சொன்னான். 'கணவருக்கு விவரம் தெரியாததாலும் பயத்தாலும்' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. சான்றிதழையும், அவன் அம்மா கையெழுத்திட்ட காசோலைகளையும் அவனே வாங்கிவந்து கட்டிலில் வைத்தான்.

ரெக்ஸின் முதலில் மனைவியின் பெயரைப் பார்த்தார். கடன் எண்ணைப் பார்த்தார். பாக்கி ஏதுமில்லை என்ற வரியை விரலை வைத்துப் படித்தார்.

"சீல் போட்டிருக்கானா?" என்றார்.

"இருக்குப்பா. இதோ."

காகிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். பிறகு மகனைப் பார்த்து, "உனக்கு யாருடா சொன்னது?" என்று கேட்டார். பையன் என் பக்கம் திரும்பினான்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி இன்னும் பதில் சொல்லவில்லை. ஒருமுறை வேறொரு காகிதம் கேட்டு எழுதினார்கள், அனுப்பியிருக்கிறோம். பையன் விடுமுறை முடிந்து திரும்பிப் போய்விட்டான். இன்சுலினுக்குப் பணம் அனுப்புகிறான், முழு அளவுக்கு. நானே போட்டுவிடுகிறேன், குப்பியை அவர் கையில் கொடுப்பதில்லை.

அன்றிலிருந்து ரெக்ஸின் என்னோடு பேசுவதில்லை. தையல் பிரித்த இடத்தில் ஒரு ஓரம் இன்னும் கசிகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறேன். நான் உட்கார்ந்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, காலின் மீதியை நீட்டுகிறார். எனக்கு வேண்டியது அதுதான். முகத்துக்குக் கட்டுப் போட நான் வரவில்லை.