நாகபூஷணி போடாத கையெழுத்து

கொழும்பு கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியின் பென்ஷன் பகுதியில், ஓய்வு பெறப்போகும் குலவீரசிங்கம் மனைவியிடம் பேனையைத் திறந்து நீட்டினார். "நான் காட்டுற இடத்தில போடு."

கலியாணம் முடித்த நாள் முதல் நாகபூஷணி அப்படித்தான் போட்டு வந்தாள். இன்றைக்குப் பேனையை வாங்கவில்லை. "இது என்னத்துக்கு எண்டு சொல்லுங்கோ, தங்கச்சி," என்று அலுவலர் ஹமீமாவைக் கேட்டாள்.

ஹமீமா விளங்கப்படுத்தினார். முழுப் பென்ஷன் எடுத்தால் மாதாமாதம் கூடக் கிடைக்கும். ஆனால் அவரோடு அது நின்றுவிடும். குறைத்து எடுத்தால், அவருக்குப் பிறகு அதில் பாதி மனைவிக்கு அவள் உள்ளவரை வரும். முழுவதும் வேண்டுமென்றால் மனைவி சம்மதித்து, அலுவலர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் குறைத்ததுதான். பென்ஷன் தொடங்கிய பிறகு மாற்ற ஏலாது.

"அப்ப நான் போடமாட்டன்."

குலவீரசிங்கத்துக்குச் சுர்ரென்று ஏறியது. கூட வேலை செய்த தங்கையா முழுவதும் எடுத்திருக்க, இவர் குறைத்து எடுப்பதா?

"எனக்கு முன்னம் பூவும் பொட்டுமாப் போகவேணும் எண்டு வெள்ளிக்கு வெள்ளி பிள்ளையாரிட்டக் கேக்கிறனியெல்லே! பிறகு உனக்கேன் பென்ஷன்?"

யுத்த காலத்தில் கோட்டையில் குண்டு வெடித்த அன்று, இந்த மனிதர் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து சேரும்வரை வாசற்கதவைப் பிடித்தபடியே நின்றவள் நாகபூஷணி. பேனையை வாங்கி, மூடி, அவர் சட்டைப்பையில் செருகினாள்.

"கேட்டனான்தான். பிள்ளையார் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லையே."