மஞ்சளாகிப் போன எங்கள் வட்டாரம்

சுகாதார அலுவலக அறையில் அதிகாரி இருந்தார், பினாங்கு டெங்கி வரைபடம் போட்ட அக்கா இருந்தார், கொசுவுக்குப் புகையடிக்கும் நான் இருந்தேன். சுவரில் போன வருஷப் படம், அதில் நான் குடியிருக்கும் வட்டாரம் கருஞ்சிவப்பு. மேசையில் இருந்த இந்த வருஷப் படத்தில் வெளிர்மஞ்சள்.

“காய்ச்சல் கூடித்தானே இருக்கு, அக்கா?” என்றேன்.

அக்கா இரண்டையும் ஒப்பிட்டார். “போன வருஷம் ஆயிரம் பேருக்கு அஞ்சு தாண்டினாலே கருஞ்சிவப்பு. இந்த வருஷம் கம்ப்யூட்டர் நிற அளவைப் புதுசா பிரிச்சு, பத்து வரைக்கும் மஞ்சள்னு போட்டிருச்சு. ரெண்டுக்கும் ஒரே அளவு வைக்கணும் சார்.”

“படத்தை மேலிடத்துக்கு அனுப்பியாச்சுலா,” என்றார் அதிகாரி.

கூடுதல் புகை வண்டி சிவப்புக்கு மட்டும்தான். மறுநாள் நான் வேறு வட்டாரத்தில் புகையடித்தேன். வீட்டில் மகள் காய்ச்சலில் கிடந்தாள்.

எங்கள் வட்டாரத்தில் ஆயிரம் பேருக்கு ஒன்பது.